கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



மேரு வட்டாரத்தில் அண்மைக் காலமாகச் சூரியத் தகடு பொருத்திய கூரைகள் பெருகி வருகின்றன. எங்கள் வரிசை வீட்டுக் கூரையிலும் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், பள்ளி விடுமுறையின்போது, சூரிய மின் அமைப்பொன்றைப் பொருத்தினோம். அன்று முதல் சக ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்னிடம் விலையைப் பற்றியும் மின்கட்டணம் எவ்வளவு குறைந்தது என்பதைப் பற்றியும் கேட்கின்றனர். "ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திடுமுன் எதைப் பார்க்க வேண்டும்?" என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எங்கள் வீட்டு அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 450 வாட் திறனுள்ள 12 தகடுகள் கூரையின் ஒரே பக்கத்தில் பொருத்தப்பட்டுள்ளன. ஆறு ஆறாகப் பிரித்து அவற்றை இரண்டு சரங்களாக இணைத்துள்ளனர். 'ஸ்ட்ரிங்' என்று தொழிலாளர்கள் சொல்வதையே நான் சரம் என்கிறேன். பூச்சரத்தில் ஒரு பூவை அடுத்து மறுபூ கோக்கப்படுவதுபோல், ஒரு தகட்டின் எதிர்முனை அடுத்த தகட்டின் நேர்முனையோடு இணைகிறது. இரண்டு சரங்களின் கம்பிகளும் கீழே இறங்கி, டிசி துண்டிப்பான் வழியாக 5 கிலோவாட் இன்வெர்ட்டரை அடைகின்றன. தகடுகள் தருவது டிசி எனப்படும் நேர்மின்னோட்டம். அதனை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக மாற்றுவது இன்வெர்ட்டரின் வேலை.

பொருத்தும் பணி இரண்டு நாள்களில் முடிந்தது. இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணியளவில் இன்வெர்ட்டரை இயக்கினார்கள். சிறு திரையில் 2.9, 3.0, 3.1 என்று கிலோவாட் எண்கள் மாறி மாறித் தோன்றின. கிள்ளான் பக்கம் கருமேகம் திரண்டுகொண்டிருந்தது. நிறுவனத்தின் மேற்பார்வையாளரான இளைஞர் ஒப்படைப்புத் தாளை நீட்டினார்.

"டீச்சர், கரண்டு ஓடுது பாருங்க. மழை வரப் போகுது. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நாங்க கிளம்பிடுவோம்."

அந்தத் தாளில் "அமைப்பு முழுமையாகச் சோதிக்கப்பட்டு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. அதன்கீழே சோதனை முடிவுகளை எழுதுவதற்கான கட்டங்கள் காலியாக இருந்தன. என் தம்பி உரிமம் பெற்ற வயர்மேன். அன்று வீட்டுக்கு வந்திருந்த அவன் அக்காலிக் கட்டங்களைக் காட்டி, "அக்கா, இந்த நம்பர் எல்லாம் எழுதாம கையெழுத்துப் போடாதீங்க" என்றான். பிறகு அந்த இளைஞரிடம், "தம்பி, ரெண்டு ஸ்ட்ரிங் வோல்ட்டேஜையும் எடுத்துக் காட்டுங்க, நானும் கூட நிற்கிறேன்" என்றான். இளைஞரும் மறுக்கவில்லை.

இன்வெர்ட்டர் இயங்குகிறதே, இதற்குமேல் என்ன சோதனை என்று நமக்குத் தோன்றலாம். இன்வெர்ட்டர் தனக்குக் கிடைத்த மின்சாரத்தைத்தான் மாற்றித் தருகிறது. கூரையில் எத்தனை தகடுகள் இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. போதிய அளவு மின்னழுத்தம் வந்தால் அது இயங்கத் தொடங்கிவிடும். மேகமூட்டத்தில் 3 கிலோவாட் என்பது நிறைவான அளவா, குறைவான அளவா என்பதை யாராலும் திரையை மட்டும் பார்த்துக் கூற இயலாது. ஆகவேதான் ஐஇசி 62446-1 என்னும் அனைத்துலகத் தர ஆவணம், ஒவ்வொரு சரத்தையும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும் என்கிறது. நம் நாட்டில் சேடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமும் சோதனைக்கும் இயக்கி வைப்பதற்கும் தனி நடைமுறையை வகுத்துள்ளது.

அளக்கும் முன் செய்யவேண்டிய பணியொன்று உண்டு. முதலில் இன்வெர்ட்டரின் மாறுமின்னோட்டப் பக்கத்தை அணைக்க வேண்டும். அதன் பின்னரே டிசி துண்டிப்பானைத் திறக்க வேண்டும். மின்னோட்டம் இருக்கும்போது டிசி இணைப்பியைப் பிடுங்கினால் அங்கே தீப்பொறி எழும்பும். மாறுமின்னோட்டத்தில் எழும் பொறி போல அது எளிதில் அணையாது. கையையும் கருக்கும், கூரையையும் எரிக்கும். துண்டிப்பானைத் திறந்த பின்னரும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை தகட்டுப் பக்கக் கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். எனவே இந்த அளவீடுகளை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரரான நாம் செய்யவேண்டியது அருகில் நின்று எண்ணைப் படித்து எழுதிக்கொள்வதே.

முதல் சோதனை முனைகளின் திசை. மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை நேர்முனையிலும் கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் வைத்தால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வரக்கூடாது. வந்தால் சரம் தலைகீழாக இணைக்கப்பட்டுள்ளது என்று பொருள். அந்நிலையில் இன்வெர்ட்டரோடு சேர்த்தால் அது பழுதாகக்கூடும். எங்கள் வீட்டில் இரண்டு சரங்களும் சரியான திசையிலேயே இருந்தன.

இரண்டாவது சோதனை மின்னழுத்தம். இதற்கு முன்னதாக வரவேண்டிய எண் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டு அறிவியலில் நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கும் தொடர் மின்சுற்றே இங்குப் பயன்படுகிறது. மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அவற்றின் மின்னழுத்தங்கள் கூடும். எங்கள் தகட்டின் பின்புறத்தில் ஒட்டியுள்ள தாளில் திறந்தசுற்று மின்னழுத்தம் 49.5 வோல்ட் என்று உள்ளது. ஆறு தகடுகளுக்கு 297 வோல்ட். ஆனால் அந்த எண் தகடு 25 பாகை செல்சியசில் இருக்கும்போது கிடைப்பது. மேருவின் பிற்பகல் வெயிலில் தகடு அந்த வெப்பநிலையில் இருப்பதில்லை. தம்பி தன் வெப்பமானியைத் தகட்டின் அடிப்புறம் காட்டியபோது 55 பாகை இருந்தது. வெப்பம் ஏற ஏறத் தகட்டின் மின்னழுத்தம் குறையும். எங்கள் தகட்டுக்கு ஒவ்வொரு பாகைக்கும் 0.27 விழுக்காடு. 30 பாகை கூடுதல் என்றால் 8.1 விழுக்காடு குறைவு. ஆக 297 வோல்ட் ஏறத்தாழ 273 வோல்ட்டாக இறங்கும். வெயில் சற்று மங்கியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று வோல்ட் குறையலாம். அவ்வளவுதான். வெளிச்சம் குறையும்போது மின்னோட்டம்தான் பெரிதும் குறையும். மின்னழுத்தம் அவ்வளவாக அசையாது. அதனால்தான் மேகம் வந்து போகும் நம் ஊரிலும் மின்னழுத்த அளவீடு நம்பத்தக்கதாக இருக்கிறது.

முதல் சரத்தை அளந்தார்கள்: 271 வோல்ட். கணக்கோடு ஒத்துப்போயிற்று.

இரண்டாவது சரத்தை அளந்தார்கள்: 225 வோல்ட்.

இளைஞர் ஒருமுறைக்கு இருமுறை அளந்தார். எண் மாறவில்லை. "மேகம் மறைச்சிருக்கும்" என்றார். உடனே முதல் சரத்தை மீண்டும் அளந்தபோது அது 271-லேயே நின்றது. இரண்டும் ஒரே கூரைப் பக்கத்தில் இருப்பவை. மேகம் ஒன்றை மட்டும் மறைத்திருக்க முடியாது. பிறகு அவர் கவ்வு மீட்டரைக் கொண்டு மின்னோட்டத்தைப் பார்த்தார். முதல் சரத்தில் 8.1 ஆம்பியர், இரண்டாவதில் 8.0 ஆம்பியர். "கரண்டு ரெண்டுலயும் சமமா இருக்கே டீச்சர்" என்று முகம் மலர்ந்தார்.

இங்குதான் தொடர் மின்சுற்றுப் பாடத்தின் இன்னொரு பாதி வருகிறது. தொடர் சுற்றில் மின்னழுத்தம் கூடும். மின்னோட்டமோ எல்லா இடத்திலும் ஒன்றே. ஆறு தகடுகள் இருந்தாலும் ஐந்து தகடுகள் இருந்தாலும் சரத்தில் ஓடும் ஆம்பியர் மாறாது. ஆகவே மின்னோட்டம் சமமாக இருப்பது தகடுகளின் எண்ணிக்கை சரி என்பதற்குச் சான்றாகாது. மின்னழுத்தம் ஒன்றே எண்ணிக்கையைச் சொல்லும்.

நான் ஒரு தாளை எடுத்து வகுப்பறைக் கணக்கைப் போலவே எழுதினேன். 271-ஐ ஆறால் வகுத்தால் தகட்டுக்கு 45 வோல்ட் சொச்சம். இரண்டு சரங்களுக்கும் உள்ள வேறுபாடு 46 வோல்ட். அஃதாவது ஏறத்தாழ ஒரு முழுத் தகடு. 225-ஐ ஐந்தால் வகுத்தால் மிகச் சரியாக 45. இரண்டாவது சரத்தில் ஐந்து தகடுகள்தாம் பேசுகின்றன. ஆறாவது தகடு வாய்திறக்கவில்லை.

வேறுபாட்டின் அளவே பழுதின் வகையையும் காட்டிக்கொடுக்கிறது என்பதைத் தம்பி அன்று விளக்கினான். ஒவ்வொரு தகட்டினுள்ளும் மூன்று பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மாற்றுவழி டையோடு இருக்கிறது. அந்த டையோடு ஒன்று பழுதாகிக் குறுக்கிணைந்துவிட்டால் தகட்டில் மூன்றிலொரு பங்கு, அஃதாவது 15 வோல்ட் மட்டும் குறையும். அப்போது மீட்டர் 256 காட்டும். ஒரு முழுத் தகடு விடுபட்டால் 45 குறையும். கம்பி முனைகளை வெட்டி மாற்றிப் பொருத்தியதால் ஒரு தகடு சரத்துக்குள் தலைகீழாக இணைந்துவிட்டால், அது தன் பங்கைத் தராததோடு மற்றொரு தகட்டின் பங்கையும் கழித்துவிடும். 90 குறைந்து 181 வரும். இம்மூன்றையும் நினைவில் வைத்திருந்தால் கூரையில் ஏறுமுன்பே எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை தொழிலாளர்கள் துண்டிப்பானைத் திறந்துவைத்து, கவ்வு மீட்டரில் மின்னோட்டம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு கூரையேறினார்கள். காரணம் விரைவில் புலப்பட்டது. பணியின்போது ஓர் ஓடு உடைந்திருக்கிறது. அதை மாற்றுவதற்காக ஓரத்துத் தகட்டை மட்டும் எடுத்துவைத்திருக்கிறார்கள். மற்றவர் அதற்குள் கீழே இறங்கும் கம்பியை ஐந்தாவது தகட்டிலேயே இணைத்துவிட்டார். ஓடு மாற்றியபின் ஆறாவது தகடு தன் இடத்தில் திருத்தமாக அமர்ந்துகொண்டது. அதன் இரண்டு கம்பிகளும் அடியில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழிருந்து பார்ப்பவருக்குப் பன்னிரண்டு தகடுகளும் ஒரே வரிசையில் மின்னும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும் என்று கொண்டால், அந்த ஒரு தகட்டால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 540 யூனிட் நமக்குத் தெரியாமலேயே போயிருக்கும். இன்வெர்ட்டர் பிழைச் செய்தி எதையும் காட்டியிருக்காது.

இழப்பு அதுமட்டுமன்று. மூடியின்றித் தொங்கிய அந்த இணைப்பிகளுக்குள் முதல்நாள் மழைநீர் புகுந்திருந்தது. அவற்றை உலர்த்தி அப்படியே சேர்க்காமல் புதிய இணைப்பிகளைப் போடுமாறு தம்பி கேட்டுக்கொண்டான். இணையும் இரண்டு பாதிகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினான். வெவ்வேறு தயாரிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதுபோல் தோன்றினாலும் உள்ளே தொடுபரப்பு சரியாக அமையாது. நாளடைவில் அவ்விடம் சூடேறி உருகும். பிரிட்டனில் பிஆர்ஈ என்னும் கட்டட ஆய்வு நிறுவனம் சூரிய அமைப்புகளில் நேர்ந்த தீ விபத்துகளை ஆராய்ந்தபோது, டிசி துண்டிப்பான்களும் இணைப்பிகளுமே தீ தொடங்கும் இடங்களாக அடிக்கடி சுட்டப்பட்டன.

இணைப்பைச் சரிசெய்தபின் இரண்டாவது சரமும் முதல் சரத்தோடு ஒரு வோல்ட் வேறுபாட்டில் வந்து நின்றது. அடுத்து மூன்றாவது சோதனை: மின்காப்பு. கம்பியின் மேலுறை எங்கேனும் கிழிந்து, மின்சாரம் சட்டத்துக்கோ நிலத்துக்கோ கசிகிறதா என்று பார்ப்பது. இதற்கு மெக்கர் என்னும் கருவி தேவை. சரத்தை இன்வெர்ட்டரிலிருந்தும் மின்னல் தடுப்பானிலிருந்தும் பிரித்துவிட்டு, சரத்துக்கும் நிலக்கம்பிக்கும் இடையே 500 வோல்ட் செலுத்துவார்கள். தடுப்பானைப் பிரிக்காவிட்டால் அதன் வழியாகவே மின்சாரம் கசிந்து பொய்யான எண்ணைத் தரும். எங்கள் அளவு அமைப்புக்குக் குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று எங்களுக்குக் கிடைத்தவை 42, 35 மெகா ஓம்.

ஆனால் உலர்ந்த கூரையில் கிடைத்த நல்ல எண்ணை முழுமையாக நம்ப வேண்டாம். ஓட்டின் விளிம்பில் நசுங்கிய கம்பி காய்ந்திருக்கும்போது தேர்ச்சி பெற்றுவிடும். நனைந்தபிறகே உண்மை வெளிப்படும். ஆகவே இரவு மழை பெய்த மறுநாள் காலையில் ஒருமுறை அளக்கச் சொன்னோம். எண்கள் 11, 9 என்று இறங்கியிருந்தன. எனினும் எல்லைக்கு மேலேயே இருந்தன. ஏற்கெனவே அமைப்பைப் பொருத்திவிட்ட வாசகர்கள் ஓர் அறிகுறியைக் கவனிக்கலாம். மழை பெய்த மறுநாள் காலைகளில் மட்டும் இன்வெர்ட்டர் மின்காப்புப் பிழை காட்டிவிட்டு, கூரை காய்ந்தபின் பத்து மணிக்குத் தானாக இயங்கத் தொடங்குகிறதா? அப்படியானால் அது இன்வெர்ட்டரின் குறும்பு அன்று. கூரையில் எங்கோ ஒரு கம்பி கிழிந்திருக்கிறது அல்லது ஓர் இணைப்பியில் நீர் புகுந்திருக்கிறது.

இறுதிச் சோதனை வீட்டுக்காரர் கண்ணாலேயே காணக்கூடியது. இன்வெர்ட்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போது வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைக்க வேண்டும். நல்ல வெயிலாக இருந்தாலும் இன்வெர்ட்டர் உடனே மின்சாரம் தருவதை நிறுத்திவிட வேண்டும். தெருவில் மின்தடை ஏற்பட்டு, டிஎன்பி ஊழியர் ஒருவர் கம்பியைப் பழுதுபார்க்கும்போது நம் கூரை மின்சாரம் அவரைத் தாக்கிவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. சுவிட்சைத் திரும்பப் போட்டதும் இன்வெர்ட்டர் தாவி எழக்கூடாது. மின்சாரம் நிலையாக இருக்கிறதா என்று சிறிது நேரம் பார்த்துவிட்டே இணைய வேண்டும். "சோலார் இருந்தும் கரண்டு போனால் வீடு இருண்டுவிடுகிறதே" என்று குறைப்படுவோருக்கும் இதுவே விளக்கம். மின்கலத் தொகுதியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இல்லாத அமைப்பு அப்படித்தான் இருக்க வேண்டும்.

இவை யாவும் முடிந்தபின் ஒப்படைப்புத் தாள் மீண்டும் என் முன் வந்தது. இம்முறை கட்டங்கள் நிரம்பியிருந்தன: ஒவ்வொரு சரத்தின் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்காப்பு, அளந்த நாள், மணி, தகட்டின் வெப்பநிலை, வானிலை. வெப்பநிலையும் மணியும் இல்லாத வோல்ட் எண் பிற்காலத்தில் பயன்படாது. ஐந்தாண்டு கழித்து ஒரு சரம் 256 காட்டினால், முதல்நாள் எண்ணோடு ஒப்பிட்டே தகட்டின் உத்தரவாதத்தைக் கோர இயலும்.

அத்தாளோடு எந்தத் தகடு எந்தச் சரத்தில் உள்ளது என்னும் கூரை வரைபடமும், உண்மையில் அமைத்தபடியான மின்சுற்று வரைபடமும் நமக்குக் கிடைக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளின்படி வயர்மேன் கையெழுத்திடும் பாரம் ஜி, பாரம் எச் ஆகியவற்றின் படிகளும் தேவை. முன்னது பணி நிறைவுச் சான்று. பின்னது சோதனைச் சான்று. டிஎன்பி இருவழி மீட்டரை மாற்றித் தந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய நெம் திட்டத்தின் விண்ணப்பக் காலம் 2025 ஜூன் 30-ஆம் நாளோடு முடிந்து, 2026 ஜனவரி முதல் சோலார் அதாப் திட்டம் நடப்பில் உள்ளது. திட்டத்தின் பெயர் மாறினாலும் கூரையில் அளக்கவேண்டியவை மாறவில்லை.

நான் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்றபோது, விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் தராதே, வழிமுறையையும் பார் என்று விரிவுரையாளர்கள் சொல்வதுண்டு. இன்வெர்ட்டர் திரையில் தெரிவது விடை மட்டுமே. தகட்டின் பின்புற எண்ணைத் தகடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வெப்பத்திற்குரியதைக் கழித்து, மீட்டரோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடக் கணக்கை ஒப்படைப்புத் தாளின் ஓரத்திலேயே எழுதிவிட்டு, அதன்கீழ்க் கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
மேருவிலிருந்து உங்கள் ஆசிரியை